மூன்று எட்டு நீளமுள்ள அறை

அந்த அறையில் நீளவாக்கில் மூன்று எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும். அகலவாக்கில் இரண்டே எட்டு. ஜன்னல் கிடையாது. ஒரே ஒரு கதவு, அதுவும் வெளியே பூட்டியிருக்கிறது. பலகை இடுக்கு வழியாகப் புழுதியோடு கொஞ்சம் வெளிச்சம் கசிகிறது. மண் தரை, தொட்டால் ஈரம். ஒரு மூலையில் துருப்பிடித்த வாளி. அதன் பக்கத்தில் தரை துடைக்கும் மாப் இரண்டு சாய்ந்து நிற்கின்றன. நூலெல்லாம் காய்ந்து விறைத்துப்போய் நாற்றமடிக்கிறது. இந்த அறையில் ஒரு குழந்தை இருக்கிறது. பார்த்தால் ஆறு வயதுதான் சொல்லலாம். உண்மையில் பத்தை நெருங்கிவிட்டது. அந்த மாப் இரண்டையும் கண்டால் அதற்குப் பயம். கண்ணை மூடிக்கொள்ளும். மூடினாலும் அவை அங்கேதான் நிற்கின்றன என்று அதற்குத் தெரியும். நாளொன்றுக்கு அரைக் கிண்ணம் சோள மாவும் கொஞ்சம் கொழுப்பும் அதன் சாப்பாடு. அம்மாவின் குரலும் வெயிலும் இன்னும் நினைவில் இருக்கின்றன.

இந்த அறை எந்தக் கொடுங்கோலனின் சிறையிலும் இல்லை. கதை உலகிலேயே மிக மகிழ்ச்சியான ஓர் ஊரின் அடியில் இருக்கிறது. அந்த ஊரின் பெயர் ஒமேலாஸ். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின் 1973இல் எழுதிய ‘ஒமேலாஸை விட்டுப் போகிறவர்கள்’ என்ற சிறுகதையில் வரும் ஊர். சில பக்கங்களே உள்ள கதை. அடுத்த ஆண்டு அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது பெற்றது. ஐம்பது ஆண்டுகளாகப் பள்ளி, கல்லூரி வகுப்பறைகளில் அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

என் அண்ணன் மகள் கல்லூரியில் இதைப் படித்துவிட்டு இரவு பத்து மணிக்குப் போன் செய்தாள். வழக்கமான நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. “அத்தை, அந்தக் கதவைத் திறந்து விட்டா என்ன ஆயிடும்? இத்தனை பேர் இருக்காங்களே, ஒருத்தர்கூடத் திறக்க மாட்டாங்களா?” என்றாள். அவளுக்கு நான் உடனே ஏதோ சொன்னேன். அந்தப் பதில் போதவில்லை என்று எனக்கே தெரிந்தது. அதற்குப் பிறகுதான் இந்த ஊரையும் இதைப் போன்ற மற்ற ஊர்களையும் மறுபடி எடுத்துப் படித்தேன்.

பொன்னுலகக் கதைகள் எல்லாவற்றிலும் எங்கோ ஓர் அறை இருக்கிறது. சிலவற்றில் அது பூமிக்கடியில். சிலவற்றில் ஊர் எல்லைக்கு வெளியே. ஒரு கதையில் அது நன்றாக வெளிச்சமுள்ள, சுத்தமான அறை. அது ஏன் வந்துகொண்டே இருக்கிறது என்று கேட்டால் முதலில் ஒமேலாஸையே நிதானமாகப் பார்க்க வேண்டும். லெ குவின் வாசகரை அங்கே கூட்டிப்போகும் விதத்திலேயே பாதி விடை இருக்கிறது.

கதை ஒரு திருவிழாவில் தொடங்குகிறது. கடலோர நகரம். கோடை வந்துவிட்டது, மணிகள் அடிக்கின்றன. பிள்ளைகள் குதிரைப் பந்தயத்துக்குத் தயாராகிறார்கள். குதிரைகளின் பிடரி மயிரைப் பின்னி நாடா கட்டியிருக்கிறார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, கதை சொல்லும் குரல் சட்டென்று நம் பக்கம் திரும்புகிறது. இவர்களின் சந்தோஷத்தை எப்படிச் சொன்னால் நீங்கள் நம்புவீர்கள் என்று கேட்கிறது. அந்த ஊரில் ராஜா இல்லை, அடிமை இல்லை, ரகசியப் போலீஸ் இல்லை. வேறென்ன இருக்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்கிறது. சுரங்க ரயில் வேண்டுமா, வைத்துக்கொள்ளுங்கள். துணி துவைக்கும் இயந்திரம் வேண்டுமா, அதுவும் இருக்கட்டும். உங்களுக்குப் பிடித்தபடி ஊரைக் கட்டிக்கொள்ளுங்கள்.

நாமும் கட்டுகிறோம். பிறகு அந்தக் குரல் மறுபடி கேட்கிறது: இப்போதாவது நம்புகிறீர்களா? இல்லை என்று அதுவே நமக்காகப் பதிலும் சொல்லிக்கொள்கிறது. சரி, இன்னும் ஒன்று சொல்கிறேன் என்று படியிறங்கி அந்த அறைக்குக் கூட்டிப்போகிறது.

கதையின் நெஞ்சே இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். அந்தக் குழந்தையை அறைக்குள் வைத்தது ஒமேலாஸ்காரர்கள் மட்டும் அல்ல. விலையில்லாத மகிழ்ச்சியை நம்ப மறுத்த வாசகரும்தான். சந்தோஷமான ஊர் என்றால் நமக்குக் கதையாகவே தெரிகிறது. அதன் அடியில் ஒரு குழந்தை அழுதால் உடனே “ஆமாம், இப்படித்தான் இருக்கும்” என்று தோன்றிவிடுகிறது. குழந்தையைக் காட்டிய பிறகு அந்தக் குரல், இப்போது இவர்கள் நம்பும்படி இருக்கிறார்கள் அல்லவா என்று கேட்கிறது. முதன்முறை படித்தபோது அந்தக் கேள்வியை வேகமாகக் கடந்துபோனேன். இப்போது முடிவதில்லை.

ஒப்பந்தத்தின் விதிகள் தெளிவானவை. நகரத்தின் செல்வம், நட்பு, விளைச்சல், வானிலை எல்லாமே அந்தக் குழந்தையின் துன்பத்தைப் பொறுத்தவை. அதை வெளியே கொண்டுவந்து குளிப்பாட்டிச் சோறு கொடுத்தால் அந்த நாளே, அந்த நாழிகையே எல்லாம் அழிந்துவிடும். ஓர் அன்பான சொல்கூடச் சொல்லக் கூடாது. இது அங்கே ரகசியமும் அல்ல. பிள்ளைகளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறார்கள். பலர் நேரில் போய்ப் பார்க்கிறார்கள். அழுதுகொண்டு வீடு திரும்புகிறார்கள், வாரக்கணக்கில் அதையே நினைத்து மறுகுகிறார்கள். பிறகு மெல்ல மெல்ல ஒரு சமாதானம் வருகிறது. இத்தனை காலம் இருட்டில் இருந்த குழந்தை, வெளியே வந்தாலும் அதற்கு என்ன புரியப்போகிறது? அந்தச் சமாதானம் கல்நெஞ்சிலிருந்து வருவதல்ல, அழுது அழுது ஓய்ந்த நெஞ்சிலிருந்து வருகிறது. அதனால்தான் படிக்கப் படிக்கக் குலை நடுங்குகிறது.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று லெ குவின் ஒளிக்கவில்லை. கதையின் துணைத்தலைப்பிலேயே வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவவாதியின் பெயரைப் போட்டிருக்கிறார். 1891இல் ஜேம்ஸ் ஒரு கட்டுரையில் இப்படிக் கேட்டிருந்தார்: கோடிக்கணக்கான மக்கள் நிரந்தரமாக மகிழ்ச்சியாக இருக்கலாம், ஆனால் எங்கோ தொலைவில் ஒரே ஓர் ஆத்மா மட்டும் தனிமையில் வதைபட வேண்டும் என்றால் ஏற்போமா? ஆசை வரலாம், ஆனால் தெரிந்தே அந்தப் பேரத்துக்குச் சம்மதித்துப் பெறும் இன்பம் நமக்கு அருவருப்பாக இருக்கும் என்பது அவர் கருத்து. அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே தஸ்தயேவ்ஸ்கியின் ‘கரமாசோவ் சகோதரர்க’ளில் இவான் தன் தம்பி அல்யோஷாவிடம் கிட்டத்தட்ட இதே கேள்வியைக் கேட்கிறான். அல்யோஷா சம்மதிக்க மாட்டேன் என்று மெல்லச் சொல்கிறான். ஊரின் பெயர் வந்த விதம் சாதாரணமானது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் சேலம் என்று ஒரு நகரம் உண்டு. அங்கே போகும் சாலையின் பெயர்ப் பலகையைத் தலைகீழாகப் படித்தபோது கிடைத்த பெயர்தான் ஒமேலாஸ்.

ஜேம்ஸ், மனிதர்கள் அருவருப்போடு மறுத்துவிடுவார்கள் என்று நம்பினார். லெ குவின் அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தார். அவர் ஊரில் பெரும்பாலோர் மறுக்கவில்லை.

இங்கே தமிழில் படிப்பவர்களுக்கு மட்டும் தோன்றும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆங்கில மூலத்தில் அந்தக் குழந்தை அவனும் அல்ல, அவளும் அல்ல, ‘அது’. ஆங்கிலத்தில் பத்து வயதுப் பிள்ளையை அப்படிச் சொன்னால் காதில் அறைந்ததுபோல இருக்கும். ஒரு பொருளைச் சொல்வதுபோல. தமிழில் ‘குழந்தை அழுகிறது’ என்பதுதான் இயல்பு. ‘அது தூங்கிடுச்சா?’ என்று கேட்பதில் வாஞ்சைதான் இருக்கிறது. அதனால் இந்தக் கதையைத் தமிழாக்குகிறவர் கையில் மூலத்தின் அந்தக் குரூரம் தானாகவே கரைந்துபோகும். நம் மொழி அந்தக் குழந்தையை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறது. விதியை மீறி அன்பான ஒரு சொல்லைச் சொல்லிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளருக்கு அது சங்கடம். எனக்கு என்னவோ ஆறுதலாக இருந்தது.

இப்போது நானூற்றைம்பது ஆண்டுகள் பின்னால் போகலாம். ‘யுட்டோப்பியா’ என்ற சொல்லையே உருவாக்கியவர் இங்கிலாந்தின் தாமஸ் மோர். 1516இல் லத்தீனில் வந்த அவருடைய சிறு நூலின் பெயர் அது. கிரேக்க வேர்களைக் கொண்டு அவர் செய்த சொல்லுக்கு ‘இல்லாத இடம்’ என்று பொருள். காதில் ‘நல்ல இடம்’ என்றும் விழும். மோரின் தீவில் 54 நகரங்கள். தனிச்சொத்து இல்லை. எல்லோரும் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் உழைத்தால் போதும். சோம்பேறிப் பிரபுக்கள் கிடையாது என்பதால் அதுவே எல்லோருக்கும் போதுமான அளவு விளைவித்துவிடுகிறது. தங்கத்துக்கு அங்கே மதிப்பில்லை. மூத்திரச் சட்டி செய்கிறார்கள். தங்கத்தால் வேறொன்றும் செய்கிறார்கள். விலங்கு.

யாருக்கு விலங்கு? அடிமைகளுக்கு. மோரின் பொன்னுலகில் அடிமைகள் உண்டு என்பது ‘யுட்டோப்பியா’ என்ற சொல்லைத் தினமும் பயன்படுத்துகிறவர்களில் பலருக்குத் தெரியாது. மோர் மறைக்கவில்லை, வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். கிராமத்து வீடு ஒவ்வொன்றிலும் குறைந்தது நாற்பது பேர், அவர்களோடு இரண்டு அடிமைகள். பொதுச் சாப்பாட்டுக் கூடங்களில் சமைப்பது குடும்பப் பெண்கள், முறை வைத்து. அழுக்கான, கடினமான வேலைகள் அடிமைகளுக்கு. போரில் பிடிபட்டவர்கள், குற்றம் செய்த சொந்தக் குடிமக்கள், பிற நாடுகளில் மரண தண்டனை பெற்று மலிவாக வாங்கப்பட்டவர்கள், தங்கள் நாட்டு வறுமைக்கு இதுவே மேல் என்று தாமாக வந்த ஏழைகள் என்று யாரெல்லாம் அடிமைகள் என்பதையும் சொல்லிவிடுகிறார். நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடின வேலைகளைப் பக்தியோடு தாமாக ஏற்றுக்கொள்ளும் துறவிகள் கூட்டம் ஒன்றும் அந்தத் தீவில் உண்டு. ஆனாலும் அவர்கள் மட்டும் போதவில்லை.

என்னை நிறுத்திவைத்த இடம் கசாப்பு. ஆடு மாடுகளை நகருக்குள் வெட்டுவதில்லை. ஊருக்கு வெளியே, ஓடும் தண்ணீர் உள்ள இடத்தில் வெட்டி, ரத்தத்தைக் கழுவிவிட்டுத்தான் கறியைச் சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள். நாற்றமும் நோயும் வராமல் இருக்க இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் வெட்டுவது அடிமைகள் மட்டுமே. குடிமக்கள் வெட்டப் பழகக் கூடாது. காரணத்தையும் மோர் கொடுக்கிறார்: கொன்று பழகினால் மனித இயல்பிலேயே மிக மென்மையான உணர்வாகிய இரக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துவிடும்.

இதை இரண்டு முறை படித்தேன். அந்தத் தீவில் இரக்கம் எவ்வளவு விலைமதிப்புள்ளது என்றால், அதைக் காப்பாற்ற வேறொருவர் கையில் கத்தியைக் கொடுத்துவிடுகிறார்கள். அடிமைக்கு இரக்கம் இருந்தால் என்ன, போனால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. குடிமக்கள் அந்த அடிமையிடமிருந்து வாங்குவது கறியை மட்டும் அல்ல. தங்கள் மென்மையையும் அவனிடமிருந்தே வாங்குகிறார்கள். ஒமேலாஸிலும் இதே கணக்குத்தான். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் பிள்ளைகளிடம் அவ்வளவு கனிவாக நடந்துகொள்வதற்குக் காரணமே அறையில் இருக்கும் அந்தக் குழந்தைதான் என்று கதை சொல்கிறது. இரண்டு ஊர்களிலும் விலை போவது சோறோ துணியோ அல்ல, நல்லவர்களாக இருக்கும் வசதி.

போரிலும் மோரின் மக்கள் இப்படித்தான். தங்கள் குடிமக்களை அனுப்பும் முன் ஸபோலேட்டர் என்ற மலைவாசிக் கூலிப்படையை வாடகைக்கு எடுக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் செத்தாலும் கவலை இல்லை என்று நூல் சொல்கிறது. இந்த வரிகள் எதுவும் அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கவில்லை. ஆறு மணி நேர வேலையும் தங்க மூத்திரச் சட்டியும்தான் வாசகர் மனதில் தங்கின. விலங்கு போட்ட கால்கள் தங்கவில்லை. பார்வைக்கு எதிரே இருந்துகொண்டே ஒருவர் மறைந்துபோக முடியும் என்பதற்கு இந்த நூலின் ஐந்நூறு ஆண்டு வாசிப்பே சாட்சி.

பிறகு வந்த எழுத்தாளர்கள், வாசகர் அப்படித் தாண்டிப்போக முடியாதபடி கதையைக் கட்டக் கற்றுக்கொண்டார்கள். எச்.ஜி. வெல்ஸின் ‘காலயந்திரம்’ (1895) இதில் ஒரு நல்ல பாடம். அதன் நாயகன் 8,02,701ஆம் ஆண்டுக்குப் போகிறான். அழகான சின்ன மனிதர்கள், பழம் தின்கிறார்கள், பூவோடு விளையாடுகிறார்கள், வேலையே செய்வதில்லை. மனித குலம் பொதுவுடைமைச் சொர்க்கத்தை எட்டிவிட்டது என்று அவன் முதலில் முடிவு கட்டுகிறான். ஆனால் ஒரு சின்ன விஷயம் உறுத்துகிறது. இவர்கள் உடுத்தியிருப்பது நல்ல துணி, காலில் அழகான செருப்பு. ஊரில் தறி இல்லை, பட்டறை இல்லை, கடை இல்லை. யார் நெய்கிறார்கள்? யார் தைக்கிறார்கள்? அங்கங்கே கிணறு மாதிரி ஆழமான குழிகள். குனிந்து கேட்டால் அடியில் இயந்திரம் இடிக்கும் சத்தம். விடை அந்தக் குழிக்குள் இருக்கிறது. மார்லாக்குகள் என்ற பாதாள உழைப்பாளிகள்தான் எல்லாம் செய்கிறார்கள். இரவில் மேலே வந்து அந்தச் சின்ன மனிதர்களையே தின்கிறார்கள். விலை கொடுத்தவர்கள் ஒரு கட்டத்தில் வசூலிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தச் செருப்பு எனக்கு எப்போதும் உதவுகிறது. எந்தப் பொன்னுலகக் கதையை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது அதைத்தான். சமையலறை எங்கே, சாக்கடை எங்கே போகிறது, வயதானவர்கள் எங்கே, நோயாளிகள் எங்கே? கதை இவற்றில் எதைப் பற்றிப் பேசவில்லையோ, அங்கேதான் அறை இருக்கும்.

சில கதைகளில் ஒளித்துவைக்க இடமே தேவைப்படுவதில்லை, ஒரு சொல் போதும். லோயிஸ் லௌரி 1993இல் சிறுவர்களுக்காக எழுதிய ‘தி கிவர்’ நாவலை அப்படிச் சொல்வேன். அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் லட்சக்கணக்கானோர் படித்த நூல். அதில் வரும் சமூகத்தில் பசி இல்லை, சண்டை இல்லை, வலி இல்லை. நிறமும் இல்லை, யாருக்கும் நிறம் தெரியாது. சொற்களைத் துல்லியமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி. தப்பான சொல்லைச் சொன்ன பிள்ளை திருத்தப்படும். வயதானவர்களை ஒருநாள் விழா எடுத்து ‘விடுவிக்கிறார்கள்’. குறைப் பிறவிகளையும் ‘விடுவிக்கிறார்கள்’. விடுவித்தால் வேறிடம் போவார்கள் என்று எல்லோரும் நம்புகிறார்கள்.

ஜோனஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பையனின் அப்பா, கைக்குழந்தைகளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவர். கனிவானவர். எடை ஏறாத ஒரு குழந்தையை இரவில் வீட்டுக்கே எடுத்துவந்து பார்த்துக்கொள்கிறார். ஒருநாள் இரட்டைப் பிள்ளைகள் பிறக்கின்றன. ஒரே முகத்தோடு இரண்டு பேர் இருந்தால் குழப்பம் என்பதால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். ஜோனஸுக்கு அன்று பதிவுசெய்யப்பட்ட காட்சியைப் பார்க்கும் வாய்ப்பு கிடைக்கிறது. அப்பா இரண்டு குழந்தைகளையும் தராசில் வைக்கிறார். சில அவுன்ஸ்தான் வித்தியாசம். எடை கூடியதை நர்ஸிடம் கொடுத்துவிடுகிறார். குறைந்ததைப் படுக்க வைத்து, நெற்றிக்கு மேலே தலையில் தெரியும் நரம்பில் ஊசியைச் செலுத்துகிறார். கொஞ்சும் குரலில் பேசிக்கொண்டே. குழந்தை கை கால் உதறுகிறது, அடங்குகிறது. ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து, சுவரில் உள்ள குப்பைக் குழாய் வழியே தள்ளிவிடுகிறார். கையசைத்து விடைகொடுக்கிறார்.

நன்றாகக் கூட்டித் துடைத்த, விளக்கு எரியும் அறை அது. துருப்பிடித்த வாளி இல்லை. கொல்லும் கையில் குரூரம் துளியும் இல்லை. அந்த மனிதர் தான் செய்வது கொலை என்று அறியாதவர், ஏனென்றால் அந்தச் சொல்லே அவரிடம் இல்லை. ஒமேலாஸில் எல்லோருக்கும் தெரியும், தெரிந்து பழகிவிட்டார்கள். இங்கே சொல்லை எடுத்துவிட்டதால் தெரிவதற்கான வழியே அடைபட்டுவிட்டது. துல்லியமான மொழி பேச வேண்டும் என்று பிள்ளைகளைத் திருத்தும் ஊரில், மிக முக்கியமான ஒரு சொல் மட்டும் பொய். அதை லௌரி எங்கும் விளக்கிச் சொல்வதில்லை. அப்பாவின் கைகளை மட்டும் காட்டுகிறார்.

இந்த நூலுக்காக 1994இல் நியூபெரி விருது பெற்றபோது லௌரி ஆற்றிய உரையில் தன் பதினோராவது வயதைப் பற்றிச் சொன்னார். போருக்குப் பிந்தைய டோக்கியோவில், அமெரிக்க ராணுவக் குடும்பங்களுக்காக வேலிபோட்டுக் கட்டிய குடியிருப்பில் அவர் வளர்ந்தார். உள்ளே அமெரிக்க வீடுகள், அமெரிக்கப் பள்ளி, அமெரிக்க சினிமா. பாதுகாப்பானது, பழகியது. அந்தச் சிறுமி அடிக்கடி சைக்கிளை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி ஷிபுயா பகுதிக்குப் போய்விடுவாள். வெளியே வேறு வாசனை, வேறு நிறம், வேறு முகங்கள். நாவலின் முடிவில் ஜோனஸும் சைக்கிளில்தான் ஊரைத் தாண்டுகிறான்.

நம் நாட்டில் இதற்கு நிகரான கதை வேண்டுமென்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சம்பூகன். ராமராஜ்யத்தை வர்ணிக்கும்போது, பெரியவர்கள் பிள்ளைகளுக்கு ஈமக்கடன் செய்ய நேராத ஆட்சி என்று வால்மீகி ராமாயணம் சொல்கிறது. பிள்ளை சாகாத நாடு. அதைவிடப் பெரிய பொன்னுலகம் எது? உத்தர காண்டத்தில் அந்த வாக்கு உடைகிறது. ஒரு பிராமணர் இறந்த மகனைத் தூக்கிக்கொண்டு அரண்மனை வாசலுக்கு வருகிறார். தகாத ஒருவன் எங்கோ தவம் செய்வதுதான் காரணம் என்று நாரதர் சொல்கிறார். ராமன் புஷ்பக விமானத்தில் தேடிப் போகிறான். தெற்கே, ஒரு ஏரிக்கரையில், தலைகீழாகத் தொங்கித் தவம் செய்யும் சூத்திரர் ஒருவர். பெயரைச் சொன்னதும் வாள் இறங்குகிறது. அயோத்தியில் பிள்ளை எழுந்து உட்காருகிறது.

அறையின் இடத்தில் இங்கே தொலைதூர ஏரிக்கரை. மூலத்தில் தேவர்கள் பூமாரி பொழிகிறார்கள். ஆனால் இதைத் திரும்ப எழுதியவர்களுக்குக் கை அவ்வளவு சுலபமாக ஓடவில்லை. எட்டாம் நூற்றாண்டில் பவபூதி எழுதிய நாடகத்தில், வாளை ஓங்கும் ராமன் தன் வலக்கையிடமே பேச வேண்டியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் கன்னடத்தில் குவெம்பு ‘சூத்ர தபஸ்வி’ நாடகத்தை எழுதியபோது முழுதாகவே அந்தத் தவசியின் பக்கம் போய் நின்றார். நம் கம்பர் முடிசூட்டு விழாவோடு காவியத்தை முடித்துவிட்டதால் அந்த ஏரிக்கரைக்கு அவர் போகவே இல்லை. கதை அதே கதைதான். சொல்கிறவர் அரண்மனை வாசலில் நிற்கிறாரா, ஏரிக்கரையில் நிற்கிறாரா என்பதில்தான் எல்லாம் மாறுகிறது.

அண்ணன் மகளின் கேள்விக்கு வருகிறேன். ஒமேலாஸில் எல்லோரும் சமாதானமாகிவிடுவதில்லை. குழந்தையைப் பார்த்த பிள்ளைகளில் சிலர் வீடு திரும்புவதில்லை. சில நேரம் வயதில் மூத்த ஒருவர் ஓரிரு நாள் பேசாமல் இருந்துவிட்டு எழுந்து நடக்கத் தொடங்குகிறார். தனித்தனியாக, நகர வாசலைத் தாண்டி, வயல்களைத் தாண்டி, மலைகளை நோக்கி. எங்கே போகிறார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்கிறாள் கதை சொல்பவள். தலைப்பே அவர்களைப் பற்றியதுதான். நெடுநாள் நான் அவர்களைக் கதையின் நாயகர்கள் என்று நினைத்திருந்தேன்.

அதற்கு வந்த எதிர்ப்பும் பலமானது. அவர்கள் போய்விட்டால் குழந்தைக்கு என்ன ஆயிற்று? அது அங்கேயேதான் இருக்கிறது. போனவர்களின் கை சுத்தமானது, அவ்வளவுதான். என்.கே. ஜெமிசின் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2018இல் வந்த தன் தொகுப்பில் ‘தங்கிப் போராடுகிறவர்கள்’ என்று ஒரு பதில் கதையே எழுதினார். அதில் வரும் நகரத்தில் யாரையும் அறையில் அடைப்பதில்லை. ஆனால் சிலர் சிலரைவிட மதிப்பில் குறைந்தவர்கள் என்ற எண்ணம் ஊருக்குள் நுழைந்தால், அதைக் கொண்டுவந்தவரைக் கொன்றுவிடுகிறார்கள். அந்த எண்ணம் தொற்றிய அவருடைய மகளுக்குத் தேர்வு கொடுக்கிறார்கள்: எங்களோடு சேர்ந்து காவல் காக்க வா. விலையில்லாத ஊரைக் கட்ட நினைத்த ஜெமிசினும் விலை வைக்காமல் முடிக்கவில்லை. ஆனால் அந்த விலையைக் குழந்தைமேல் வைக்காமல் கொலை செய்யும் கைகள்மேலேயே வைத்தார். அது எனக்குச் சம்மதமா என்றால், இல்லை. ஆனால் நடந்து போகிறவர்களைவிட அவர்கள்மேல் எனக்கு மதிப்பு கூடியது என்பதையும் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்திருந்தாள். கதையின் நகலில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு நான் எத்தனையோ முறை படித்தும் நின்று பார்க்காத ஓர் இடத்தில் விரலை வைத்தாள். எப்போதாவது அந்தக் கதவு திறக்கும், யாரோ ஒருவர் உள்ளே வந்து குழந்தையை எழுப்ப உதைப்பார், அவசரமாகக் கிண்ணத்தில் சாப்பாட்டையும் குடத்தில் தண்ணீரையும் நிரப்பிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று வரும் இடம்.

“அத்தை, ஊர்ல அடிமையே கிடையாதுன்னு முன்னாடியே சொல்லியாச்சு. அப்போ தினமும் இந்த வேலைக்கு வர்றது யாரு?” என்றாள். “இவங்களுக்குப் பேரே இல்ல. சாயங்காலம் இவங்க திருவிழாவுக்குப் போவாங்களா?”

அந்தப் பக்கத்தை வாங்கி மறுபடி படித்தேன். கதையில் அதற்கு மேல் அந்த மனிதரைப் பற்றி ஒன்றும் இல்லை.